ரெண்டே படம், இரண்டு பக்கமும் அடைப்பு

ஆறு வார லீவில் ஊருக்கு வந்திருந்தோம். விமானம், வீடு, பெருமாள் கோயில், சில்வர் பீச் எல்லாம் நன்றாகவே போயின. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இந்தப் பதிவு முழுக்க ஒரு எக்ஸ்ரே பற்றித்தான்.

கல்யாணமாகி மூன்று வருடம், எனக்கு 33 வயது. பாரிஸ் பக்கத்தில் குடியிருக்கிறோம். அங்கே அவருடைய விந்துப் பரிசோதனையும் என் ஹார்மோன் ரத்தப் பரிசோதனையும் முடிந்து, இரண்டும் சரியாக இருந்ததால், கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க எச்.எஸ்.ஜி. என்ற எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார்கள். மாதவிலக்கு வந்த முதல் நாளே போன் செய்து நேரம் வாங்க வேண்டும். ரத்தப்போக்கு நின்ற பிறகு, கருமுட்டை வெளிவருவதற்கு முன்பு, அதாவது ஏறக்குறைய 6ஆம் நாளிலிருந்து 10ஆம் நாளுக்குள் எடுத்தாக வேண்டும். அந்தச் சமயத்தில்தான் வயிற்றில் கரு இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும், கர்ப்பப்பை உட்சுவரும் மெல்லியதாக இருக்கும். இரண்டு மாதம் போன் செய்தேன். இரண்டு தடவையும் அந்த நான்கைந்து நாளில் இடமில்லை என்றார்கள்.

புதுச்சேரியில் மாமியார் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் கேட்டால், "நாளைக்குக் காலைல வந்துடுங்க" என்கிறார்கள். நம்ம ஊர் நம்ம ஊர்தான் என்று அன்று இரவு அவரிடம் பெருமை பேசினேன். அதைத்தான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

எட்டாம் நாள் காலை. டோக்கன் 14. பெஞ்சு நிறைய ஆட்கள். கம்பவுண்டர் வாசலில் நின்று, "டியூப் டெஸ்ட் யாரும்மா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். பல் காட்ட வந்த தாத்தாவும் திரும்பிப் பார்த்தார். வலி மாத்திரை ஏதாவது போட்டிருக்கிறேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. மேஜையில் படுக்க வைத்து, கர்ப்பப்பை வாயில் சிறிய குழாயைச் செருகி, சிரிஞ்சில் இருந்த, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் சாய மருந்தை ஒரே அழுத்தாக அழுத்தினார்கள். அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிந்த மாதிரி இருந்தது. நான் கத்திய கத்தலில் ஒரு படம், மூச்சு வாங்குவதற்குள் இன்னொரு படம். "முடிஞ்சிடுச்சிம்மா." மொத்தம் ஐந்து நிமிடம்கூட இல்லை.

ரிப்போர்ட்டை என்னிடம் தரவில்லை, கவுன்டரில் நின்ற அவரிடம் கொடுத்தார்கள். 'இரு கருக்குழாய்களும் கர்ப்பப்பை மூலையிலேயே அடைப்பு.' கையோடு, லேப்ராஸ்கோப்பி செய்துகொள்ளுங்கள் என்றும் ஒரு சீட்டு. அத்தை பூஜை அறைக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. நான் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் தலைகீழ் முக்கோணமாக வெள்ளையாகக் கர்ப்பப்பை. அதன் மேல் மூலைகள் இரண்டிலும் வெள்ளை சட்டென்று நின்றுவிட்டது. அதற்கப்பால் வெறும் கறுப்பு.

மறுநாள் கடலூர் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். மஞ்சக்குப்பத்தில் அம்மாவுக்குப் பழக்கமான மகப்பேறு டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். முதல் கேள்வி, "மத்தப் படமெல்லாம் எங்கம்மா?" ரெண்டுதான் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். கருக்குழாய் கர்ப்பப்பைச் சுவருக்குள் நுழையும் இடம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் அகலம், சுற்றிலும் தசை. மருந்தை வேகமாகத் தள்ளினால், வலித்தால், பயந்தால் அந்தத் தசை இறுகிக்கொள்ளும். அதுதான் ஸ்பாஸம். படத்தில் அதுவும் நிஜ அடைப்பும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் எச்.எஸ்.ஜி.யில் குழாய் திறந்திருக்கிறது என்று வந்தால் பெரும்பாலும் நம்பலாம், மூலையில் அடைப்பு என்று வந்தால் ஒரு தடவை பார்த்து நம்பக் கூடாது. "குழாயோட அந்தக் கடைசியில, முட்டையை வாங்குற விரல் மாதிரி இருக்கற எடத்துல அடைச்சு, குழாய் உருண்டு வீங்கித் தெரிஞ்சா நான் இப்படிப் பேசமாட்டேன். அது வேற கதை. உள்ளே நீர் கட்டியிருக்கும்."

அப்புறம், வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா, அடிவயிற்றில் கிருமித் தொற்று வந்து காய்ச்சல் அடித்ததா, குடல்வால் ஆபரேஷன் நடந்ததா என்று வரிசையாகக் கேட்டார். நம் பக்கம் கருக்குழாய் நிஜமாகவே அடைபட டி.பி. ஒரு முக்கியக் காரணமாம். அதில் குழாய் மணி கோத்தது போல முடிச்சு முடிச்சாகத் தெரியுமாம். இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட புதுச்சேரியில் கேட்கவில்லை. எனக்கு எதுவுமே இருந்ததில்லை.

லேப்ராஸ்கோப்பியைப் பற்றியும் கேட்டேன். மயக்கம் கொடுத்து, தொப்புள் வழியாகக் கேமரா விட்டு, கீழிருந்து நீலச் சாயத்தை ஏற்றினால், குழாய் நுனியில் அது சொட்டுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குழாயைச் சுற்றி ஒட்டல் இருந்தாலும், கர்ப்பப்பை உட்சுவர் மாதிரியான திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலும் அதில்தான் தெரியும், எக்ஸ்ரேயில் தெரியாது. ஆனால் அது ஆபரேஷன். இரண்டு படத்தை நம்பி அதற்குப் போக வேண்டாம் என்றார். ஸ்கேனிலேயே உப்பு நீர் விட்டுப் பார்க்கிறார்களே, அது போதாதா என்று அம்மா குறுக்கிட்டார். கர்ப்பப்பைக்குப் பின்னால் நீர் தேங்கினால் ஒரு குழாயாவது திறந்திருக்கிறது என்று தெரியும், எந்தக் குழாய் என்று தெரியாது என்றார் டாக்டர்.

அடுத்த மாதவிலக்குக்குக் காத்திருந்தோம். பாரிஸ் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது ஒன்பதாம் நாள் வந்தது. இந்தத் தடவை கடலூரிலேயே, டாக்டரம்மா கூடவே வந்தார். ஒரு மணி நேரம் முன்பே வலி மாத்திரை. தசையைத் தளர்த்த ஓர் ஊசி. அது எல்லோருக்கும் கேட்கும் என்று இல்லை, போட்டுப் பார்ப்போம் என்றார். சாய மருந்தை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், ஜில்லென்று போனாலும் தசை இறுகுமாம். 10 மில்லி சிரிஞ்சைக் கொஞ்சம் தள்ளி, நிறுத்தி, திரையைப் பார்த்து, மறுபடி கொஞ்சம். திரையை நானும் பார்க்கும்படி திருப்பி வைத்தார்கள்.

வலது மூலையிலிருந்து நூல் மாதிரி ஒரு கோடு கிளம்பியது. வளைந்து வளைந்து போய், நுனியில் அகன்று, குடல் மடிப்புகளுக்கு நடுவே புகை மாதிரிப் பரவியது. இடது மூலை அப்படியே நின்றது. "தள்ளாதீங்க, இருங்க" என்று சொல்லிவிட்டு, என்னைப் புரண்டு படுக்கச் சொல்லி, சில நிமிடம் சும்மாவே விட்டார். மெதுவாக மறுபடி விட்டபோது இடது பக்கமும் கோடு போட்டது. நிஜமாகவே அடைத்திருந்தால் எவ்வளவு காத்திருந்தாலும் கோடு வந்திருக்காது. மாதவிடாய் வலி அளவுக்குத்தான் வலித்தது. எட்டுப் படம் எடுத்தார்கள், நான் எண்ணினேன்.

திறந்திருக்கிறது என்பதாலேயே குழாய் முட்டையைச் சரியாக வாங்கிக் கடத்துகிறது என்று ஆகாது, வழி இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்திருக்கிறது என்பதையும் டாக்டரம்மா சொல்லியே அனுப்பினார். அத்தையிடம் அந்தப் பகுதியை நான் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் வேலையற்றுப் போய், புதுச்சேரி ஸ்கேன் சென்டருக்கு இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். ஸ்பாஸமாகவும் இருக்கலாம் என்று ஒரு வரியாவது ரிப்போர்ட்டில் சேர்த்திருக்கலாமே என்றேன். "எடுத்தது அவ்வளவுதாங்க, தெரிஞ்சதை எழுதியிருக்காங்க" என்றார் கவுன்டர் பையன். டோக்கன் வேண்டுமா என்றும் கேட்டார்.

ஃபிலிம் உறைகளைப் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்து இங்கே கொண்டுவந்தேன். போன வாரம் இங்குள்ள டாக்டரிடம் காட்டினேன். எல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்துப் பழகியவர், எழுந்துபோய் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். கடலூர்ப் படங்களுக்குத் தலையாட்டினார். புதுச்சேரி உறையைத் திறந்து, உள்ளே கைவிட்டுத் துழாவி, மற்ற படங்கள் எங்கே என்று கேட்டார். 'அவ்வளவுதாங்க' என்பதை பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.