தம்பதியர் பிணக்கில் சந்திர ராசியா, சூரிய ராசியா?

மதுரைப் பக்கம் ராசி என்றாலே சந்திரன் நின்ற ஜன்ம ராசிதான். சூரிய ராசியைப் பிறந்த தமிழ் மாதமே காட்டிவிடும். திருமங்கலத்தில் நான் ஜாதகம் பார்த்த ஒரு தம்பதியில், மனைவி சித்திரையிலும் கணவர் ஐப்பசியிலும் பிறந்தவர்கள். மேஷமும் துலாமும் ஒன்றுக்கொன்று ஏழாமிடம் என்பதால், சூரியனை மட்டும் பார்த்தால் நல்ல ஈர்ப்புள்ள இணை. வீடு கட்டுவது, கடன் வாங்குவது போன்ற முடிவுகளில் அவர்கள் ஒத்துப்போனதும் உண்மையே.

ஆனால் கணவர் சொல்லாமல் தாமதமாக வரும் இரவுகளில் மூளும் சண்டையைச் சந்திரனே விளக்கியது. கடக ராசி மனைவி உடனடியான ஆறுதல் வார்த்தையை எதிர்பார்த்தார். கும்ப ராசிக் கணவரோ மனம் ஆறும்வரை பேசாமல் ஒதுங்கினார். கடகத்திலிருந்து கும்பம் எட்டாமிடம் என்பதால், பொதுவிதிப்படி ராசிப் பொருத்தம் இங்கே இல்லை. மனக்காரகன் சந்திரன் என்பதால், அன்றாடப் பிணக்குக்கு நான் சந்திர ராசிக்கே முதலிடம் தருவேன்.

அதற்குப் பிறந்த நேரம் சரியாக வேண்டும். சூரியன் ஒரு ராசியில் ஒரு மாதம் தங்க, சந்திரனோ ஏறத்தாழ இரண்டேகால் நாளில் கடந்துவிடுவதால், ராசி மாறும் நாளில் பிறந்தவருக்குச் சில நிமிடப் பிழையும் கடகத்தைச் சிம்மமாக்கிவிடும். மேற்கத்திய முறைச் சூரிய ராசியையும் இதனோடு கலக்கக் கூடாது. ஏப்ரல் 5 அன்று பிறந்தவர் அங்கே மேஷம், நம் பஞ்சாங்கத்தில் மீனம்.