மேற்கு ஜன்னலுக்குப் போட்ட த்ரீ பாஸ் ஸ்கிரீன்: சில கோடைகளுக்கு அப்புறம்

காட்பாடியில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு மேற்கே பெரிய கண்ணாடி ஜன்னல். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. பகலில் தூங்கியாக வேண்டும். அதனால்தான் பிளாக்அவுட் ஸ்கிரீன். வேலூர் வெயிலுக்குச் சூடும் குறையட்டும் என்று கோட்டிங் போட்ட த்ரீ பாஸ் துணியே வாங்கினோம், மெரூன் நிறத்தில்.

பாஸ் என்பது பூச்சு எத்தனை தடவை என்ற கணக்கு. பாலியெஸ்டர் துணியின் பின்பக்கம் அக்ரிலிக் நுரையை மெல்லிசாகப் பரப்பி, உலர்த்தி, ரோலரில் அழுத்துவார்கள். த்ரீ பாஸில் முதலில் வெள்ளை, அதன்மேல் கார்பன் கலந்த கருப்பு, கடைசியாக மறுபடி வெள்ளை. கடையில் வெட்டிய ஓரத்தை உற்றுப் பார்த்தால் இரண்டு வெள்ளைக்கு நடுவே கருப்புக் கோடு தெரியும். வெளிச்சத்தை நிறுத்துவது அந்தக் கருப்புதான். டூ பாஸில் பெரும்பாலும் அது இருக்காது, அறை மங்கலாகும், இருட்டாகாது.

சூட்டு விஷயத்தில் வேலை செய்வது ஜன்னலைப் பார்க்கும் வெள்ளை. கண்ணாடி வழியாக வந்த வெயிலில் ஒரு பெரும்பங்கை அது வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. பின்பக்கம் கருப்பாகவோ அடர்நிறமாகவோ இருந்தால் துணியே வெயிலைக் குடித்துச் சூடேறி, அந்தச் சூட்டை அறைக்குள் விடும். இருட்டு கிடைக்கும், புழுக்கம் போகாது. வெள்ளை இருந்தாலும் ஓர் எல்லை உண்டு. கத்திரி வெயிலில் மாலை நான்கு மணிக்கு ஸ்கிரீனுக்கும் கண்ணாடிக்கும் நடுவே கையை விட்டால் அடுப்பங்கரை போல இருக்கும். அந்தச் சூடு மேலே ராட் பக்கம் இடைவெளி வழியாக அறைக்குள் வழியும். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினால் வெயில் கண்ணாடியையே தொடாது. அதற்கு எந்த ஸ்கிரீனும் ஈடில்லை.

அப்புறம் துவைப்பது. இரண்டு பாகத்தில் ஒன்றை ஒரு லாண்டரிக் கடைக்குக் கொடுத்திருந்தோம். சூடான டிரையரில் போட்டு, நான்காக மடித்து, இஸ்திரி செய்து தந்தார்கள். வீட்டில் பிரித்தபோது பூச்சும் பூச்சும் ஒட்டிக்கொண்டு, பிரிக்கையில் பிசுபிசுவென்று சத்தம் வந்தது. மாட்டிய பிறகு பார்த்தால், மடிப்பு விழுந்த கோடுகள் நெடுக ஊசிமுனை அளவில் வெளிச்சப் புள்ளிகள். நுரைப் பூச்சு சூட்டில் இளகும். இளகிய நிலையில் மடித்து அழுத்தினால் ஒட்டும், பிரிக்கும்போது பிய்யும். துணி நல்லாயிருக்கும், பூச்சு போயிருக்கும். அதைத் திரும்பப் பூச வழியில்லை.

மற்றொரு பாகத்தை வீட்டில்தான் துவைக்கிறோம். தூசியை வேக்குவத்தில் எடுத்துவிட்டால் அடிக்கடி துவைக்க வேண்டியதில்லை. துவைக்கும்போது பெரிய டப்பில் பச்சைத் தண்ணீர், கொஞ்சம் திரவ சோப்பு, கையால் அமுக்கி எடுப்பது, அவ்வளவுதான். பிளீச், பிரஷ், முறுக்கிப் பிழிவது, மிஷினில் ஸ்பின், எதுவும் கிடையாது. ஈரத்தோடே நிழலில் விரித்துப் போட்டுவிடுவோம், சொட்டிக் காயட்டும். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், மெரூன் மேல் வெள்ளை வரி விட்டுவிடும். அதனால் கடைசி அலசலை மட்டும் காவிரித் தண்ணீர் வரும் நாளுக்கு வைத்துக்கொள்கிறோம். இந்தப் பாகத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் தையல் வரிசையில் மட்டும்தான் புள்ளிகள். அவை தைத்த அன்றே வந்தவை, ஊசி குத்திய இடத்தில் பூச்சு மூடிக்கொள்ளாது. அளவு எடுக்கும்போதே தையல்காரர், “சார், பிரிச்சுத் தைக்கச் சொல்லாதீங்க, பழைய ஓட்டை அப்படியே நிக்கும்” என்றார். சரியாகத்தான் சொன்னார்.

வெயில் செய்த வேலை வேறு மாதிரி. அறையைப் பார்க்கும் மெரூன் அப்படியே இருக்கிறது, வெள்ளைப் பூச்சு அதற்குக் குடை. ஆனால் அடியில் மடித்துத் தைத்த ஓரத்தில் துணியின் நிறப்பக்கம் ஜன்னலைப் பார்க்கும், அங்கே பூச்சு இல்லை. அந்த ஒரு சாண் பட்டை மட்டும் காவியாக வெளுத்துவிட்டது. வெள்ளைப் பக்கத்தில், மடிப்பு கண்ணாடியை நோக்கித் துருத்தும் இடங்கள் லேசாக மஞ்சளடித்திருக்கின்றன. விரலால் தேய்த்தால் சாக்பீஸ் போல மெல்லிய தூள் ஒட்டுகிறது. பூச்சின் மேற்பரப்பு வெயிலில் சிதைய ஆரம்பித்ததன் அறிகுறி அது. தூளோடு நின்றால் இன்னும் சில கோடை ஓடும். வளைத்துப் பார்க்கும்போது செதிலாக உதிர்ந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஒரே இடத்தில் வெயில் விழாதிருக்க, துவைத்து மாட்டும்போது இடது பாகத்தை வலதுக்கு மாற்றிப் போடுகிறோம்.

கிழக்கு அறைக்குப் பூச்சே இல்லாத, நடுவில் கருப்பு நூல் வைத்து நெருக்கமாக நெய்த ரகம் எடுத்தோம். மிஷினில் போடலாம், உரிந்துபோக ஒன்றுமில்லை. முழு இருட்டு இல்லை, சூடு தடுப்பதிலும் ஒரு படி கீழேதான். காலை வெயிலுக்கு அது போதும். லாண்டரிக்குப் போய் வந்த பாகத்துக்குப் பின்னால் தனியாக ஒரு த்ரீ பாஸ் லைனிங் தொங்கவிடப் போகிறோம், முன்துணியோடு சேர்த்துத் தைக்காமல், கொக்கியில் கழற்றி மாட்டுகிற மாதிரி.