காபி மலையேறட்டுமா, ரகம் மாறட்டுமா?

பாம்பன், தொண்டி, கீழக்கரை என்று நம் கரையோரத்தில் எங்கேயும் காபி விளையாது. அராபிகா காபிக்கு ஆண்டுச் சராசரி 18 முதல் 22 டிகிரி வரை இருந்தால் சுகம்; இங்கே 28-ஐ ஒட்டி நிற்கிறது. காபி வேண்டுமென்றால் மதுரை தாண்டிக் கீழ்ப்பழனி மாதிரி மலைக்குத்தான் போக வேண்டும். அந்த மலையும் இப்போது சூடேறுகிறது. அங்கே தோட்டம் வைத்திருப்பவர்களும், வாங்க நினைக்கும் நம்மூர்க்காரர்களும் போட வேண்டிய கணக்கு இது.

மலையில் 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். அப்படியானால் 1 டிகிரி கூடினாலே, 1,000 மீட்டரில் இருக்கும் தோட்டத்துக்கு இன்று 830 மீட்டர்வாக்கில் அடிக்கும் சூடு வந்துவிடும். இன்று நடும் கன்று முப்பது, நாற்பது வருடம் நிற்கப் போவது. அதனால் இன்றைய வெயிலை வைத்து ரகம் பார்ப்பது வீண்.

அந்த 1,000 மீட்டர் தோட்டத்துக்கு என்ன வழி? முதலில் எல்லோரும் சொல்வது, மேலே ஏறு என்பது. குளிரில் பழம் மெதுவாகப் பழுத்து, கொட்டை கெட்டியாகும், ருசியும் கூடும். ஆனால் ஏற இடம் வேண்டுமே! ஏற்காடு ஊரே 1,500 மீட்டரில் இருக்கிறது. சேர்வராயன் உச்சி 1,623 மீட்டர். அதற்கு மேல் வானம்தான். பழனி மலைக்கு உயரம் உண்டு, ஆனால் மேல்பகுதியில் பெரும்பாகம் 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாகிவிட்டது. மிச்சம் கிடைக்கும் நிலத்தில் கேரட்டும் பூண்டும் நிற்கின்றன. பள்ளங்களில் உறைபனி இறங்கினால் அராபிகா ஒரே இரவில் கருகிவிடும். மேலே ஏற்கெனவே பட்டா நிலம் வைத்திருப்பவருக்கு மட்டுமே இது வழி.

அடுத்தது, அதே இடத்தில் ரொபஸ்டா காபி. அராபிகாவின் தண்டைக் குடைந்து கொல்லும் வெள்ளைத் தண்டு துளைப்பான் வண்டு இதை அண்டுவதில்லை, இலைத்துரு நோயையும் தாங்கும். ரொபஸ்டாவில் சி x ஆர் என்ற கலப்பு ரகத்தைக் கேளுங்கள். செடி சிறிது, கசப்பும் குறைவு. ஆனால் ரொபஸ்டா வறட்சி தாங்கும் என்று நம்பிப் போடுகிறவர்கள் அதிகம். அங்கேதான் ஏமாற்றம். வேர் மேலாக ஓடும். பிப்ரவரி, மார்ச்சில் மொட்டு மலர ஒரே மூச்சில் 25 மில்லிமீட்டராவது மழை வேண்டும். இரண்டு, மூன்று வாரத்தில் இன்னொரு மழை. பத்து மில்லிமீட்டர் தூறலோடு நின்றால் மொட்டு அரைகுறையாக விரிந்து கருகும். கீழ்ப்பழனிக்குப் பெருமழை நம் கண்மாய்களைப் போலவே ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆகவே பூ மழையை நாமே ஸ்பிரிங்க்ளரில் கொடுக்க வேண்டும். ஏக்கருக்கு 25 மில்லிமீட்டர் என்றால் ஒரு லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் எட்டு நடைக்கு மேல். கோடை ஆரம்பத்தில் அவ்வளவு தண்ணீர் தேங்கியிருக்கும் குட்டை இல்லாதவர் ரொபஸ்டா பக்கம் போகக் கூடாது.

மூன்றாவது, அராபிகாவையே வைத்துக்கொண்டு ரகத்தையும் நிழலையும் மாற்றுவது. 2007-இல் வெளிவந்த சந்திரகிரி குட்டை ரகம், இலைத்துருவை நன்றாகத் தாங்கும். பழைய எஸ்.795-க்குக் கோப்பையில் மதிப்பு அதிகம், துரு பிடிப்பதும் அதிகம். துளைப்பானிடம் இரண்டும் தோற்கும். அந்த வண்டு வெயில் படும் தண்டைத் தேடி, ஏப்ரல்–மே, அக்டோபர்–டிசம்பர் என இரு பருவத்தில் பட்டை வெடிப்பில் முட்டையிடும். எனவே கீழடுக்கில் கல்யாண முருங்கை, மேலடுக்கில் பலா, சில்வர் ஓக் என்று நிழலை விடாமல் வைக்க வேண்டும். பருவத்துக்கு முன் தண்டின் சொரசொரப்பான பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்தெடுத்து, 200 லிட்டர் தண்ணீரில் 20 கிலோ சுண்ணாம்பு கரைத்துத் தண்டில் அடிக்கலாம். தண்டில் வளையமாகப் புடைப்பு தெரிந்து இலையும் மஞ்சளானால் அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். விட்டுவைத்தால் பக்கத்துச் செடிக்கும் போகும். சந்திரகிரியில் இன்னொரு சிக்கல்: காய் மிகுதியாகப் பிடிக்கும், உரம் குறைந்தால் கிளை நுனியிலிருந்து காய்ந்து வரும்.

எக்செல்சா என்ற வேறொரு காபியைப் பற்றி இப்போது நிறையப் பேச்சு. ஆழமான வேர், சூட்டைத் தாங்கும் மரம், உண்மைதான். ஆனால் கவாத்து செய்யாவிட்டால் ஏணி வைத்துப் பறிக்க வேண்டும். பழத்தோல் தடிப்பானதால் அராபிகாவுக்கு வைத்த தோலுரிக்கும் பல்ப்பர் இயந்திரத்தின் இடைவெளியில் சரியாக உரியாது. வாங்குபவரும் குறைவு. வேலி ஓரம் இருபது மரம் போதும். சூட்டிலும் நல்ல ருசி தருகிறது என்று 2021-இல் ஆய்வாளர்கள் எழுதிய ஸ்டெனோஃபில்லா, சியரா லியோனின் காட்டுக் காபிச் செடி. அதை நம்பி இப்போது தோட்டம் போட முடியாது.

எங்கள் கணிப்பில், 1,100 மீட்டருக்கு மேல் சந்திரகிரியும் அடர் நிழலும். 900-க்குக் கீழே நீர்க்குட்டை இருந்தால் சி x ஆர். இடைப்பட்ட உயரத்தில் வடக்கு பார்த்த சரிவில் வெயில் தாழ்வதால் அராபிகாவை விடலாம். தெற்கு, மேற்குச் சரிவில் பட்டுப்போகும் செடிக்குப் பதிலாக ரொபஸ்டாவை நட்டு வரலாம். அப்போது இடைவெளியை மறக்கக் கூடாது: அராபிகா ஆறடிக்கு நின்ற இடத்தில் ரொபஸ்டாவுக்கு ரகத்தைப் பொறுத்து எட்டு முதல் பத்தடி வேண்டும்.