காலின் படம் கேட்டு ஷூ விற்பவர்கள்: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

தங்கை கல்யாணத்துக்குத் தோல் ஷூ வாங்கப்போய் 3,450 ரூபாயும் ஒரு கால் நகமும் போனது. புகார் இன்னும் முடியவில்லை, அதனால் விற்றவர்கள் பெயரை எழுதவில்லை. இதே மாதிரி விளம்பரம் வேறு வேறு பெயர்களில் இப்போதும் என் கண்ணில் படுகிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

காலைத் தாளில் வைத்துச் சுற்றிலும் கோடு போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், நம் காலுக்கே அளவெடுத்துத் தைத்துத் தருவார்களாம். விளம்பரத்தில் அப்படித்தான் இருந்தது. வலது கால் எனக்குக் கொஞ்சம் பெரிது, ரெடிமேடில் எப்போதும் ஏதாவது இடிக்கும். ஆசை வந்துவிட்டது. ஏ4 தாளில் காலை வைத்துப் பென்சிலால் வரைந்தேன். வலது 26.8 செ.மீ., இடது 26.4. படம் போய்ப் பத்தே நிமிடத்தில் பதில்: “பெர்ஃபெக்ட் 8 சார்.” கூடவே ஒரு சைஸ் சார்ட். அதில் இரண்டே கட்டங்கள், ‘சைஸ்’ என்று ஒன்று, ‘செ.மீ.’ என்று ஒன்று. 7-க்கு 26.0, 8-க்கு 26.8, 9-க்கு 27.7. என் அளவு அப்படியே 8-இல் உட்கார்ந்திருந்தது. நானும் எப்போதும் 8 போடுகிறவன்தான். சந்தேகப்பட என்ன இருக்கிறது?

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பார்சல் வந்தது. கூடத்தில் போட்டு நடந்து பார்த்தேன். கொஞ்சம் பிடித்தது. புதுத் தோல், போகப்போக விட்டுக்கொடுக்கும் என்று நினைத்தேன். தோல் அகலத்தில் விட்டுக்கொடுக்கும், நீளத்தில் விட்டுக்கொடுக்காது என்பது மண்டபத்தில்தான் தெரிந்தது. சமதரையில் ஒன்றுமில்லை. மாடியிலிருந்து பந்திக்கு இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் கட்டை விரல் முன்னால் போய் முட்டியது. மூன்றாம் நாள் நகம் கறுத்துவிட்டது.

போன் செய்தேன். “நீங்க அனுப்பின அளவுக்குத்தான் சார் தைச்சோம். கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் கிடையாது” என்றார் அந்தப் பக்கம் பேசிய பெண். குரலில் அவ்வளவு மரியாதை, நான்தான் தப்பு செய்துவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன், முன்பக்கம் கொஞ்சம் தளர்த்தித் தர முடியுமா என்று கேட்க. அவர் இரண்டு ஷூவிலிருந்தும் இன்சோலை உருவினார். ஒன்றைத் திருப்பி மற்றதன் மேல் வைத்துக் குதிகாலைச் சேர்த்துப் பிடித்தார். நுனியில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. “உங்க ரெண்டு காலும் ஒரே நீளமா தம்பி?” என்றார். இல்லையே, 4 மில்லிமீட்டர் வித்தியாசம் என்று படத்தில் எழுதியே அனுப்பியிருந்தேன். அப்புறம் ஷூவைக் கவிழ்த்து அடிப்பாகத்தைத் துணியால் துடைத்தார். பாதத்தின் வளைவு வரும் இடத்தில் சின்னதாக 41 என்று அச்சாகியிருந்தது. பெட்டியில் ஒட்டியிருந்ததோ 8. “எட்டுன்னா நாப்பத்திரண்டுல்ல வரணும்?”

அங்கேதான் விஷயம் பிடிபட்டது. நம் ஊர்க் கடைகளில் வெறுமனே 8 என்றால் அது பிரிட்டிஷ் 8. ஐரோப்பிய எண்ணில் அது 42 பக்கம் வரும். ஆண்கள் ஷூவில் அமெரிக்க எண் ஏறக்குறைய ஒன்று கூடுதலாக ஓடும், ஆக அமெரிக்க 8 என்பது நம் 7, ஐரோப்பிய 41. ஏதோ அமெரிக்கக் கணக்கில் வந்த ரெடிமேட் சரக்கை, எந்த நாட்டு எண் என்று போடாமல், ‘உங்கள் காலுக்கே தைத்தது’ என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள். நான் அனுப்பிய படத்துக்கு நடந்த வேலை, சார்ட்டில் பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்துச் சொன்னது மட்டும்தான்.

அதையாவது ஒழுங்காகச் சொன்னார்களா என்றால் அதுவும் இல்லை. உருவிய இன்சோலை அளந்தேன், சரியாக 26.8. அதாவது சார்ட்டில் இருந்த செ.மீ. ஷூவின் உள்நீளம், காலின் நீளம் அல்ல. நடக்கும்போது கால் முன்னால் நகரும், அதனால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது இடம் வேண்டும். உள்நீளம் தரும் சார்ட் என்றால் நம் கால் அளவோடு அந்த ஒரு சென்டிமீட்டரைக் கூட்டிவிட்டுத்தான் எண்ணைத் தேட வேண்டும். கால் நீளம் தரும் சார்ட் என்றால் எதையும் கூட்டக்கூடாது, அந்த இடம் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. வெறும் ‘செ.மீ.’ என்று போட்டால் நாம் எதை எடுத்துக்கொள்வது? “இது காலின் நீளமா, ஷூவின் உள்நீளமா?” என்று எழுத்தில் கேளுங்கள். நேராகப் பதில் வராத இடத்தில் நான் இனி பணம் கட்டுவதில்லை.

என் தப்பும் ஒன்று உண்டு, அதை மறைக்கவில்லை. பென்சில் கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர் தடிமன், கூர் அதன் நடுவில் இருக்கிறது. செங்குத்தாகப் பிடித்து வரைந்தாலும் கோடு காலைவிட்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தள்ளித்தான் விழும். குதிகாலில் ஒரு முறை, விரலில் ஒரு முறை. உள்பக்கம் சாய்த்துப் பிடித்தால் நேர்மாறாகக் காலே சின்னதாகிவிடும். சாயங்காலம் மறுபடி ஒழுங்காக அளந்தபோது என் வலது கால் 26.2 செ.மீ.தான். வேடிக்கை என்னவென்றால், அந்த 6 மில்லிமீட்டர் பிழைதான் என்னைக் காப்பாற்றியது. சரியாக அளந்து அனுப்பியிருந்தால் அவர்கள் கணக்கில் 7 வந்திருக்கலாம். அதில் கால் நுழைந்திருக்கவே நுழைந்திருக்காது.

இப்போது அளக்கும் முறை இது. சுவரை ஒட்டித் தாள், சுவரைத் தொட்டுக் குதிகால், இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நிற்பது. உட்கார்ந்தால் பாதம் பரவாது, அளவு குறையும். குனிந்து நாமே வரைந்தால் எடை நகர்ந்துவிடும், அதனால் வீட்டில் யாரையாவது கூப்பிட வேண்டும். நீளத்துக்குச் சுற்றிக் கோடே வேண்டாம். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை நிமிர்த்தி, நீளமான விரலைத் தொடும்படி வைத்து, அதன் அடியில் ஒரு கோடு. சிலருக்குக் கட்டை விரலைவிட அடுத்த விரல் நீளம், அதையும் பாருங்கள். சுற்றி வரைந்துதான் ஆக வேண்டும் என்றால் பேனாவிலிருந்து ரீஃபிலை மட்டும் உருவி வரையலாம், பிழை பாதியாகக் குறையும். இரண்டு காலையும் அளந்து பெரியதற்கு வாங்க வேண்டும்.

அதைவிடச் சுலபமான சோதனை, நமக்குப் பொருந்துகிற பழைய ஷூவின் இன்சோல். அதை உருவி அளந்து, விற்பவர் சொல்லும் உள்நீளத்தோடு ஒப்பிட்டால் போதும். என் ஆபீஸ் ஷூவின் இன்சோல் 27.4. அன்றைக்கே இதைச் செய்திருந்தால் 26.8-ஐப் பார்த்ததும் நின்றிருப்பேன்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். இரண்டு இன்சோலும் ஒன்றன்மேல் ஒன்று இருக்கும் படம், 41 தெரியும் படம், நான் அனுப்பிய கால் படம், அவர்கள் வாட்ஸ்அப் பதில் எல்லாம் சேர்த்து. ஒரு வாரம் கழித்து, அடுத்த ஆர்டருக்கு 500 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்று விற்றவர்களிடமிருந்து செய்தி வந்தது. வேண்டாம், பணம்தான் வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். ‘கஸ்டம்’ என்ற வார்த்தையை மட்டும் அவர்கள் இப்போது பேசுவதில்லை.

அக்கா மகனுக்கு 25.5 செ.மீ. கால். அந்த ஷூவைப் போட்டுப் பார்த்துவிட்டு, “மாமா, கச்சிதமா இருக்கு, நான் எடுத்துக்கட்டுமா?” என்கிறான். புகார் முடியட்டும்டா என்று பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.