வவுனியாவில் வாடகையா, சொந்த வீடா: முற்பணத்தையும் கணக்கில் எடுங்கள்

வவுனியா நகருக்குள் ஒரு வீடு 120 இலட்சம் ரூபா என்று வைப்போம். அதே மாதிரி வீட்டுக்கு வாடகை மாதம் 30,000. கையில் 30 இலட்சம் இருக்கிறது, மிச்சம் 90 இலட்சத்தை 12% வட்டியில் 20 வருட வங்கிக் கடனாக எடுக்கிறோம்.

மாதக் கட்டுப்பணம் ஏறத்தாழ 99,000 வரும். முதல் மாதம் அதில் 90,000 வட்டிக்கே போய்விடும், கடன் தொகையில் கழிவது 9,000 மட்டும்தான். இதுவரைக்கும் எல்லாரும் பார்ப்பார்கள். முற்பணத்தைத்தான் மறந்துவிடுகிறோம். அந்த 30 இலட்சம் 8% நிலையான வைப்பில் கிடந்தால், 10% வரி போக மாதம் 18,000 தரும். வீடு வாங்கினால் அந்த வருமானம் இல்லை. ஆக, வட்டி 90,000உம் இந்த 18,000உம் சேர்ந்து திரும்பி வராத செலவு மாதம் 108,000. வாடகையைவிட 78,000 கூட. இதை ஈடுசெய்ய வீட்டின் பெறுமதி வருடத்துக்கு 8% அளவில் ஏறவேண்டும். உறுதி முடிக்கும்போது கட்டும் 4% அளவான முத்திரை வரி வேறு.

என் கணிப்பில், இந்த எண்களுக்கு வாடகையே மேல். ஆனால் வாடகைக்கும் கட்டுப்பணத்துக்கும் இடையிலுள்ள 69,000ஐ மாதாமாதம் உண்மையாகவே சேமிக்கவேண்டும். செலவழித்துவிடும் குடும்பத்துக்குக் கடன்தான் கட்டாயச் சேமிப்பு.

வாங்குவதென்றால் காணி உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா என்று முதலில் பாருங்கள். வன்னியில் அனுமதிப்பத்திரக் காணிகள் ஏராளம். பிரதேச செயலகத்தின் அனுமதியில்லாமல் அதைக் கைமாற்ற முடியாது, கடன் எடுப்பதும் கடினம். அப்படிப்பட்ட காணியில் முற்பணத்தைப் போட்டால், அவசரத்துக்கு வெளியே எடுக்க வழியில்லை.