கூட்டுக் குடும்பத்துக்கு எந்த ஃப்ரிட்ஜ்: கதவைப் பாருங்கள், உள்ளே இருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள்

ஒன்பது பேர் சாப்பிடும் வீட்டில் ஃப்ரிட்ஜுக்குள் போகும் பெரிய சாமான் மாவுப் பாத்திரம். வாய் 28 செ.மீ., உயரம் 18 செ.மீ. உள்ள எவர்சில்வர் குண்டானில் ஏறக்குறைய 11 லிட்டர் பிடிக்கும். விளிம்போடு சேர்த்தால் 30 செ.மீ. அகலம், மூடி போட்டால் 21 செ.மீ. உயரம். கடையில் 'அறுநூறு லிட்டர் சார்' என்று சொல்வதைக் கேட்பதற்கு முன்னால் இந்த இரண்டு அளவையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போவது நல்லது. லிட்டர் கணக்கு இந்தக் குண்டான் நுழையுமா என்று சொல்லாது. கதவின் அமைப்பு சொல்லிவிடும்.

கதவில் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். குறுக்காக ஒரே கோடு, மேலே சின்னக் கதவு, கீழே பெரிய கதவு என்றால் வழக்கமான டபுள் டோர். மேலே இருப்பது ஃப்ரீசர். அதுவே தலைகீழாக இருந்தால் பாட்டம் ஃப்ரீசர். உச்சியிலிருந்து அடிவரை நெடுக்காக ஒரே கோடு போனால் சைடு பை சைடு. நெடுக்குக் கோடு பாதியில் நின்று, கீழே குறுக்காக இழுப்பறை இருந்தால் பிரெஞ்ச் டோர். நான்கு கதவு மாடல்தான் குழப்பும். மேல் இரண்டு கதவையும் சேர்த்துத் திறந்து பாருங்கள். நடுவில் நிலையான சுவர் இருந்தால் உள்ளே இரண்டு குறுகிய அறைகள். சுவர் இல்லாமல், ஒரு கதவின் ஓரத்தில் மடங்கும் பட்டை மட்டும் தொங்கினால் அது பிரெஞ்ச் டோர் வகை, தட்டு முழு அகலத்துக்கும் ஓடும்.

இந்தக் கோடுகளின் விளைவு டேப் வைத்தால்தான் தெரியும். சைடு பை சைடின் வெளி அகலம் 91 செ.மீ. இரண்டு பக்கச் சுவர், நடுச்சுவர் எல்லாம் போக, ஃப்ரிட்ஜ் பக்கத் தட்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 43 செ.மீ. 55 செ.மீ. அகலமுள்ள சின்ன டபுள் டோரிலும் தட்டின் அகலம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! வெளியே 70 செ.மீ. இருக்கும் பெரிய டபுள் டோரில் 58 செ.மீ. வரை வரும். அங்கே 30 செ.மீ. மாவுக் குண்டானும் 22 செ.மீ. தயிர்ப் பாத்திரமும் ஒரே தட்டில் உட்காரும். சைடு பை சைடில் குண்டான் ஒரு தட்டை முழுசாகப் பிடித்துக்கொள்ளும், தயிர் அடுத்த தட்டுக்குப் போக வேண்டியதுதான். பிரெஞ்ச் டோரில் இந்தப் பிரச்சினையே இல்லை.

அடுத்தது உள் ஸ்டிக்கர். பெரும்பாலும் ஃப்ரிட்ஜ் அறையின் பக்கச் சுவரில், காய்கறி டிரேவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். தெரியவில்லை என்றால் டிரேவை வெளியே எடுத்துவிட்டுப் பாருங்கள். செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிப்பதுதான் சுலபம்.

முதலில் மாடல் எண். சாம்சங்கில் முதல் இரண்டு எழுத்தே கதவு வகையைச் சொல்லும்: RR சிங்கிள் டோர், RT மேல் ஃப்ரீசர், RB கீழ் ஃப்ரீசர், RS சைடு பை சைடு, RF பிரெஞ்ச் டோர். பின்னால் வரும் எண்ணை லிட்டர் என்று எடுத்துக்கொண்டால் ஏமாறுவீர்கள். எல்ஜியின் GL-B201 இருநூற்றொரு லிட்டர் அல்ல. 190 லிட்டர் என்று விற்ற பெட்டி அது, பிறகு 185 ஆனது. சாம்சங் RT28 வரிசையும் 253 லிட்டராக இருந்து 2023 வாக்கில் 236 ஆனது. பெட்டி சுருங்கவில்லை. முன்பு மொத்தக் கொள்ளளவைச் சொன்னார்கள், இப்போது சாமான் வைக்க முடிகிற அளவைச் சொல்கிறார்கள். அதனால் பழைய 253-ஐயும் புதிய 236-ஐயும் பக்கத்தில் வைத்துப் பழையதுதான் பெரிது என்று முடிவு கட்டக் கூடாது. ஸ்டிக்கரில் மொத்தம், சேமிப்பு என்று இரண்டு எண் இருந்தால் எப்போதும் சேமிப்பு எண்ணையே ஒப்பிடுங்கள்.

அந்த எண்ணையும் ஃப்ரீசர், ஃப்ரிட்ஜ் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சாம்சங் RS76 வரிசையில் 653 லிட்டர் மாடல் இருக்கிறது. அதில் ஃப்ரீசர் மட்டும் 244, மீதி 409 தான் ஃப்ரிட்ஜ். வாரம் நாலு கிலோ மீன், கறி வாங்கி வைக்கும் வீட்டுக்கு அந்த 244 உபயோகப்படும். சைவ வீட்டில் அது பட்டாணியும் ஐஸ்கிரீமும் கிடக்கிற காலி அலமாரி, கரண்டும் தின்னும். மொத்தமாக மீன் வாங்குகிறவர்கள் ஸ்டிக்கரில் 24 மணி நேரத்துக்கு எத்தனை கிலோ உறைய வைக்கும் என்று போட்டிருந்தால் அதையும் பாருங்கள். அதற்கு மேல் ஒரே நாளில் திணித்தால் நடுவில் இருக்கும் பொட்டலம் உறையத் தாமதமாகும்.

அதே ஸ்டிக்கரில் தட்பவெப்ப வகுப்பு என்று ஓர் எழுத்து இருக்கும். N என்றால் 32 டிகிரி வரை, ST 38 வரை, T 43 வரை. வேலூர், திருச்சி வெயிலில் அடுப்படி ஓரத்தில் நிற்கப் போகும் பெட்டிக்கு T வேண்டும். SN-T என்று சேர்த்து எழுதியிருந்தாலும் சரிதான், மேல் வரம்பு அதேதான்.

பழைய ஃப்ரிட்ஜ் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு வரி முக்கியம்: கேஸின் பெயர். உள்ளே R600a என்று போட்டிருந்து, பின்புறக் கம்ப்ரசர் ஸ்டிக்கரில் R134a இருந்தால், கம்ப்ரசரை மாற்றி வேறு கேஸ் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளின் யூனிட் கணக்கு இனி அந்தப் பெட்டிக்குப் பொருந்தாது. எல்ஜி சீரியல் எண்ணின் முதல் மூன்று இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கமும் மாதமும். 308 என்றால் 2023 ஆகஸ்ட். 2013 ஆகவும் இருக்கலாம், மாடலை வைத்துத் தீர்மானியுங்கள்.

சரி, அந்த ஒன்பது பேர் வீட்டுக்கு எது? தினம் ஆறு அரை லிட்டர் பால் பாக்கெட், மாவுக் குண்டான், தயிர், நேற்றைய சாம்பார், வாரத்துக்கு எட்டுக் கிலோ காய். 236 லிட்டர் டபுள் டோரில் குண்டானுக்காக ஒரு தட்டைக் கழற்றினால் மற்றவை பின்சுவர் வரை நெருங்கும். அங்கே குளிர்காற்று வரும் துளை அடைபடும். அதை ஒட்டி நிற்கும் பால் பாக்கெட் கட்டியாகும், முன்வரிசைச் சாம்பார் புளிக்கும். கேஸ் குறைந்துவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன், பின்சுவரிலிருந்து நாலு விரல் இடம் விட்டு ஒரு நாள் பாருங்கள்.

சைவ வீடு என்றால் என் ஓட்டு 70 செ.மீ. அகல டபுள் டோருக்கு. தட்டு அகலம், ஃப்ரீசர் அளவு இரண்டும் இந்தச் சமையலுக்குப் பொருந்தும். அசைவ வீடு, உறைய வைப்பது நிறைய என்றால் சைடு பை சைடு சரி, ஆனால் மாவை இரண்டு சின்னப் பாத்திரமாகப் பிரிக்கச் சம்மதிக்க வேண்டும். பிரெஞ்ச் டோர் இரண்டுக்கும் பொருந்தும், விலை ஒத்துவந்தால். அதில் ஒரு தொல்லை உண்டு. மடங்கும் பட்டை நீட்டிய நிலையிலேயே கதவை அடித்துச் சாத்தினால் பக்கத்துக் கதவில் இடித்து வளையும். பிறகு கேஸ்கட் சரியாகப் பொருந்தாமல் நடுவில் வேர்த்துக் கொட்டும். பத்துக் கை திறந்து மூடும் வீட்டில் இது நடக்கும்.

பழைய வீட்டுச் சமையலறை வாசல் இரண்டரை அடி, அதாவது 76 செ.மீ. 91 செ.மீ. பெட்டி நேராக நுழையாது, பக்கவாட்டில்தான் போகும். அப்போது கணக்கு ஆழம். கதவைக் கழற்றினால் எத்தனை செ.மீ. வரும் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.