தோழியின் கேலி உறுத்தும்போது: சொல்வதற்கு உள்ள வழிகளின் ஒப்பீடு

மதுரைப் பக்கம் மனைவியின் தோழி கணவரை ‘அத்தான்’ என்று அழைக்கத் தொடங்கிவிட்டால், கொழுந்தியாள் முறைக்குரிய கேலி உரிமையும் அவளுக்குக் கூடவே வந்துவிடுகிறது. அந்தக் கிண்டலைக் கேட்டு வீட்டுப் பெரியவர்களே சிரிப்பார்கள். அதனால், அது சற்று எல்லை மீறுவதாக மனைவிக்குத் தோன்றும்போது சொல்வது மிகவும் கடினமாகிறது. யாரும் தவறு செய்ததாகக் காட்ட எதுவும் இல்லை, மனத்தில் உள்ள உறுத்தல் மட்டுமே உண்மை.

கே.கே. நகரில் வசிக்கும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். கல்லூரிக் காலத்துத் தோழி வீட்டுக்கு வரும்போதெல்லாம் கணவரின் தோளில் தட்டிப் பேசுகிறாள், அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஒவ்வொன்றுக்கும் இதயக் குறி அனுப்புகிறாள், “எனக்கு இப்படி ஒரு அத்தான் அமையலையே” என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறாள். கணவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். இந்தப் பெண் என்ன செய்யலாம்?

பலரும் முதலில் எடுப்பது ஜாடையாகச் சொல்லும் வழி. “ஏய், என் புருஷனை விட்டுடுடி” என்று சிரித்துக்கொண்டே சொன்னால், தோழி அதையும் விளையாட்டின் தொடர்ச்சியாகவே எடுத்துக்கொண்டு மேலும் ஒரு கேலியைச் சேர்ப்பாள். சொன்னவருக்குச் சொல்லியாகிவிட்டது என்ற எண்ணம் ஏற்படும், கேட்டவருக்கோ எதுவும் போய்ச் சேர்ந்திருக்காது. அந்த இடைவெளியில்தான் உண்மையான கோபம் வளர்கிறது. இதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவதில் வார்த்தைகளை நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்ற நன்மை உண்டு. ஆனால் குரலில் இருக்கும் கனிவு எழுத்தில் போகாது, அதோடு அந்தச் செய்தியைப் படமெடுத்து மற்ற தோழிகளுக்கு அனுப்பிவிட்டால் இருவருக்குள் முடிய வேண்டியது பஞ்சாயத்தாகிவிடும். தோழி வெளியூரில் இருந்தால் எழுதுவதைவிடத் தொலைபேசியில் பேசுவது நல்லது.

கணவர் மூலம் சொல்வதா, தானே நேரில் சொல்வதா என்பதில்தான் உண்மையான போட்டி இருக்கிறது. கணவர் சொன்னால் கேலி உடனே நின்றுவிடும் என்பது சரிதான். ஆனால் “அவளுக்குப் பிடிக்கல, இனிமே இப்படிப் பேச வேண்டாம்” என்று அவர் சொல்லும்போது, தம்பதி இருவரும் தன்னைப் பற்றி மறைவில் பேசித் தீர்ப்பளித்துவிட்டதாகவே தோழி உணர்வாள். மனைவி நேரில் சொன்னால் அந்த அவமானம் இல்லை. ஆகவே பேசப்போவதைக் கணவருக்கு முன்பே தெரிவித்துவிட்டு, தோழியிடம் மனைவியே தனியாகப் பேசுவது என் முடிவு. முன்பே தெரிவிப்பது அவசியம்; பின்னால் தோழி வழியாக அவர் அறிந்தால் தன் மீதே சந்தேகம் என்று நினைப்பார்.

இடம் வீடாக இருக்க வேண்டாம். மாலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துகொண்டே பேசினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருக்க வேண்டிய இறுக்கம் குறையும்.

“என்கிட்ட எந்த ஒளிவுமறைவும் இல்லாம நீ பழகுறன்னு எனக்குத் தெரியும்டி. ஆனா நீ அவர் தோளைத் தட்டிப் பேசுறப்ப எனக்கு ஒரு மாதிரி இருக்கு. அது என் மனசுதான். கொஞ்சம் குறைச்சுக்கிட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்.” இவ்வளவு போதும். இதில் கண்ணால் பார்த்த ஒரே ஒரு செயல், அதனால் தனக்குள் நேர்வது, ஒரு சிறிய வேண்டுகோள் ஆகியவை மட்டுமே உள்ளன. “நீ அவர்கிட்ட வழியுற மாதிரி எனக்குத் தோணுது” என்ற வாக்கியமும் தன் உணர்வைச் சொல்வது போலத்தான் ஒலிக்கும். ஆனால் அது தோழியின் நோக்கத்தைப் பற்றிய தீர்ப்பு. ஸ்டேட்டஸ், இதயக் குறி என்று ஒவ்வொன்றாக அடுக்கினாலும் இத்தனை நாளாகக் கணக்கு வைத்தது போலாகிவிடும். “எல்லாரும் பேசிக்கிறாங்க” என்று ஊரைத் துணைக்கு அழைப்பது இன்னும் மோசம்.

“அப்ப என்னைச் சந்தேகப்படுறியா?” என்று அவள் கேட்கக்கூடும். “சந்தேகப்பட்டிருந்தா உன்கிட்ட நேரா வந்து சொல்லியிருக்க மாட்டேன்” என்று பதில் சொல்லிவிட்டு, அவள் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். அப்போதே அவள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கலாகாது.

அதன்பின் சில வாரங்கள் தோழி ஒதுங்கியிருந்தால் அது கோபமாக இல்லாமல் கூச்சமாகவும் இருக்கலாம். வழக்கம்போல அவளை வீட்டுக்கு அழைப்பதே அதற்கு மருந்து. ஆனால் அவள் கணவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பி, “உங்க வீட்டுக்காரி என்னமோ சொல்றா” என்று முறையிட்டு அந்த உரையாடலைத் தொடர்ந்தால், தோழியிடம் மறுமுறை பேசுவதில் பயனில்லை. அங்கே எல்லையை வகுக்க வேண்டியவர் கணவர். அடுத்த பேச்சு அவருடன்தான் நடக்க வேண்டும்.